பழைய நகையை மாத்தி புதுசு எடுத்தா டேக்ஸ் உண்டா? அம்மாவோட காசுமாலை, வளையல் கணக்கு

அல்சூர்காரி, 6 செப்டம்பர் 2025

அம்மாகிட்ட ரெண்டு நகை. காசுமாலை 5 பவுன், 1984-ல வேலூர்ல அவங்க கல்யாணத்துக்கு தாத்தா போட்டது, பில் கிடையாது. வளையல் 4 பவுன், 2012 ஆகஸ்ட்ல அம்மா சீட்டு எடுத்த பணத்துல இங்க பெங்களூருல வாங்கினது, பில் அவங்க பேர்ல பத்திரமா இருக்கு. தை மாசம் என் பொண்ணுக்கு கல்யாணம். ரெண்டையும் கொடுத்துட்டு பொண்ணுக்கு புது செட் எடுக்கலாம்னு அம்மாவே சொல்றாங்க. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில கேட்டேன், "எக்ஸ்சேஞ்ச்தானே மேடம், காசு உங்க கைக்கே வரல, டேக்ஸ் எங்க இருந்து வரும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஒன்பது பவுன் இன்னைக்கு கிராம் பத்தாயிரம் விலைக்கு கை மாறுது, அது கணக்குல வராம போகுமா? நான் நினைக்கிறது, இதுவும் விற்பனைதான். யாராவது போன வருஷம் இப்படி மாத்தி ரிட்டர்ன் போட்டவங்க இருந்தா எழுதுங்க.

விவேக்நகர் அக்கா, 6 செப்டம்பர் 2025

கல்யாணம் ஆன பொம்பளைக்கு 500 கிராம் வரைக்கும் டேக்ஸ் இல்லம்மா. உங்க அம்மாகிட்ட 72 கிராம்தான் இருக்கு. பயப்படாம மாத்துங்க. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணோம்.

ராமமூர்த்தி நகர் ரவி, 6 செப்டம்பர் 2025

டேக்ஸ் உண்டு. ஆனா மூணு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா லாங் டேர்ம், இண்டெக்சேஷன் போட்டு, அதாவது வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்திப் போட்டு, 20 பர்சன்ட். 1984 நகைக்கு இண்டெக்சேஷன் போட்டா கிட்டத்தட்ட ஒண்ணும் வராது. அப்புறம் அம்மாவுக்கு வருமானம் 12 லட்சத்துக்குள்ளதானே இருக்கும், புது டேக்ஸ் ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் எப்படியும் ஃப்ரீ. கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு, ஆனா விடை சரி.

ஜெயநகர் ஆடிட்டர், 7 செப்டம்பர் 2025

ஒண்ணொண்ணா வர்றேன்.

எக்ஸ்சேஞ்ச் விற்பனைதான். சட்டத்துல சொத்து கை மாறுறதுன்னா வித்தா மட்டும் இல்ல, மாத்திக்கிட்டாலும் அதுல அடக்கம். காசு கைக்கு வரலைன்றது கணக்கே இல்ல. கடை பழைய நகைக்கு ஒரு விலை போட்டு புது பில்லுல கழிக்குது பாருங்க, அந்த விலைதான் உங்க அம்மாவோட விற்பனை விலை.

விவேக்நகர் அக்கா சொல்ற 500 கிராம் ரெய்டு வந்தா எடுத்துட்டு போகக்கூடாதுன்ற அளவு. 1994 மே மாசம் அதிகாரிகளுக்கு வந்த உத்தரவு அது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு 500, ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100. விக்கும்போது வர்ற லாபத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

ரவி தம்பி, நீங்க சொன்னது 2024 ஜூலை 22 வரைக்கும் சரி. 23-ம் தேதியில இருந்து மாறிடுச்சு. தங்க நகைக்கு இப்ப 24 மாசம் தாண்டினா லாங் டேர்ம், வரி 12.5 பர்சன்ட், இண்டெக்சேஷன் கிடையாது. வீடு, நிலத்துக்கு மட்டும்தான் அதுக்கு முன்னாடியே வாங்கினவங்களுக்கு 20 பர்சன்ட் வழியையும் விட்டு வெச்சிருக்காங்க. நகைக்கு அந்த சலுகை இல்ல. 12 லட்சம் விஷயத்துக்கு சாயங்காலம் வர்றேன், அது கொஞ்சம் பெருசு.

அல்சூர்காரி, 7 செப்டம்பர் 2025

ஆக விற்பனைதான். அப்ப அடுத்த கேள்வி காசுமாலைக்கு வாங்கின விலை என்னன்னு. தாத்தா 1984-ல எவ்வளவு கொடுத்தார்னு யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு தெரிஞ்சதெல்லாம் அந்த வருஷம் வேலூர் சாரதி மாளிகை பக்கம் ஒரு ஆசாரிகிட்ட செய்ய கொடுத்தது, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்துச்சு, பாட்டி வாசல்லயே நின்னுட்டிருந்தாங்களாம். இதை வெச்சு ரிட்டர்ன் போட முடியாது.

ஜெயநகர் ஆடிட்டர், 7 செப்டம்பர் 2025, இரவு

தேவையே இல்லம்மா. 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி கைக்கு வந்த நகைக்கு அந்த தேதியில மார்க்கெட் என்ன விலையோ அதையே வாங்கின விலையா எடுத்துக்கலாம். உங்க அம்மாவுக்கு நகை தாத்தா கொடுத்த சீர், அதனால காலமும் விலையும் தாத்தாகிட்ட இருந்தே ஓடி வரும். எப்படி பார்த்தாலும் 2001-க்கு முன்னாடிதான்.

அன்னைக்கு 24 காரட் 10 கிராம் நாலாயிரத்து சொச்சம். 22 காரட்டுக்கு கிராம் 385 ரூபாய் பக்கம் வரும். ஆனா நீங்களா போடாதீங்க. வருமான வரித்துறையில பதிவு பண்ண நகை வேல்யூயர் இருக்காங்க, அவங்ககிட்ட காட்டி எடை, டச், 2001 விலை போட்டு ஒரு ரிப்போர்ட் வாங்கிடுங்க. முக்கியமா, கடையில கொடுக்குறதுக்கு முன்னாடி வாங்குங்க. நகை உருகிட்டா அப்புறம் எந்த வேல்யூயரும் எதைப் பார்த்து எழுதுவாரு? எங்க ஆபீஸ்க்கு வர்றவங்க பாதி பேர் உருக்கின பிறகுதான் வர்றாங்க.

இப்ப 12 லட்சம். புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்றது ஒரு ரிபேட். அது ஸ்லாப் படி போடுற வரிக்கு மட்டும்தான். 12.5 பர்சன்ட் மாதிரி தனி ரேட்டுல போடுற வரிக்கு அது கிடைக்காது. 2025 பட்ஜெட் சட்டத்துல தெளிவாவே எழுதிட்டாங்க. மொத்த வருமானம் 8 லட்சம்தான் இருந்தாலும் தங்க லாபத்துக்கு வரி உண்டு. ஆனா வேற ஒரு வழி இருக்கு. புது ரெஜிம்ல முதல் 4 லட்சம் எல்லாருக்கும் வரி இல்லாத தொகை. மத்த வருமானம் அதை நிரப்பலைன்னா மிச்ச இடத்துல தங்க லாபத்தை நுழைச்சு கழிச்சுக்கலாம், இந்தியாவுல வசிக்கிறவங்களா இருந்தா போதும். அம்மாவுக்கு என்ன வருமானம்?

ராமமூர்த்தி நகர் ரவி, 8 செப்டம்பர் 2025

சரி சார், ரிபேட் ஒத்துக்குறேன். ஆனா இண்டெக்சேஷன் எடுத்தது நகைக்காரங்களுக்கு பெரிய அடி, அதை மறுக்க முடியாது.

அல்சூர்காரி, 9 செப்டம்பர் 2025

நேத்து அம்மாவையும் கூட்டிட்டு வேற ஒரு கடைக்கு போனேன். உருக்க வேணாம், பார்த்து மட்டும் சொல்லுங்கன்னேன். காரட் மெஷின்ல வெச்சாங்க, சின்ன பெட்டி மாதிரி இருக்கு, உள்ள நகையை வெச்சு மூடினா அரை நிமிஷத்துல ஸ்க்ரீன்ல நம்பர் வருது. காசுமாலை 87 டச், அதாவது நூத்துக்கு 87 பங்கு சுத்த தங்கம். அந்த காலத்து ஆசாரி பத்த வெச்ச பொடி நிறைய இருக்கும், ஒவ்வொரு காசுக்கும் ஒரு வளையம், அதான் குறையுதுன்னார். 40 கிராமை 22 காரட் கணக்குக்கு கொண்டு வந்தா 38 கிராம். வளையல் 916 முத்திரை, தேய்மானம் போக 31.8 கிராம். கிராம் 10,000 போட்டு காசுமாலைக்கு 3,80,000, வளையலுக்கு 3,18,000 சொன்னாங்க.

அம்மாவுக்கு அப்பாவோட குடும்ப பென்ஷன் மாசம் 18,000, பேங்க் வட்டி வருஷத்துக்கு 60,000. வேற ஒண்ணும் இல்ல.

வளையல் பில்லுல தங்கம் 89,600, சேதாரம், வாட் எல்லாம் சேர்த்து மொத்தம் 1,01,400. இதுல எதை வாங்கின விலையா எடுக்கணும்? தங்கத்துக்கு மட்டுமா, முழு பில்லுமா?

ஜெயநகர் ஆடிட்டர், 9 செப்டம்பர் 2025

முழு பில். சேதாரம், கூலி, வரி எல்லாம் அந்த நகையை வாங்க நீங்க கொடுத்த பணம்தானே. கடைக்காரன் திருப்பி எடுக்கும்போது சேதாரத்துக்கு காசு தரமாட்டான், ஆனா கணக்குல அதைக் கழிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பில்லை தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்றதே இதுக்குத்தான்.

இப்ப கணக்கு. காசுமாலை 38 கிராம், கிராம் 385 போட்டா 2001 விலை 14,630. வித்த விலை 3,80,000. லாபம் 3,65,370. வளையலுக்கு 3,18,000-ல 1,01,400 போக லாபம் 2,16,600. ரெண்டும் சேர்த்து 5,81,970.

அம்மாவோட பென்ஷன் வருஷத்துக்கு 2,16,000. குடும்ப பென்ஷனுக்கு புது ரெஜிம்ல 25,000 கழிவு உண்டு, மிச்சம் 1,91,000. வட்டி 60,000 சேர்த்தா 2,51,000. நாலு லட்சத்துல 1,49,000 இடம் காலியா இருக்கு. 5,81,970-ல அதைக் கழிச்சா 4,32,970. இதுக்கு 12.5 பர்சன்ட் 54,121, மேல 4 பர்சன்ட் செஸ். மொத்தம் 56,286 ரூபாய்.

ரவி தம்பிக்கு ஒரு வார்த்தை. காசுமாலைக்கு பழைய முறையில போட்டுப் பாருங்க. 2001-02 இண்டெக்ஸ் 100, இந்த வருஷம் 376. 14,630 வளர்ந்து 55,009 ஆகும். லாபம் 3,24,991, அதுல 20 பர்சன்ட் 64,998. புது முறையில 45,671தான். வளையலுக்கு மட்டும் பழைய முறையில 25,474, இப்ப 27,075. விலை இவ்வளவு ஏறின பிறகு பழைய நகைக்கு புது ரேட்தான் லாபம். நடுவுல வாங்கின நகைக்கு கொஞ்சம் கையைக் கடிக்கும்.

ராமமூர்த்தி நகர் ரவி, 9 செப்டம்பர் 2025

நானே எக்செல்ல போட்டுப் பார்த்துட்டேன் சார், சரியாத்தான் வருது. ஆனா ஒரு யோசனை. எக்ஸ்சேஞ்சை அக்கா பொண்ணு பேர்ல போட்டா? எப்படியும் புது நகை அவளுக்குத்தானே.

அல்சூர்காரி, 10 செப்டம்பர் 2025

ஐம்பத்தாறாயிரம். ரெண்டு நாளா இதே நினைப்பு. அம்மாவோட மூணு மாச பென்ஷனுக்கும் மேல. அம்மாகிட்ட சொன்னதும் "வித்தாதானே கட்டணும், நான் பேத்திக்கு கொடுக்குறேன், இதுல அவங்களுக்கு என்ன"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி நியாயமானதுதான். கொடுக்குறதுக்கு வரி இல்ல, மாத்துறதுக்குத்தான் வரி. நாம கொடுக்கணும்னு நினைச்சு ஆரம்பிச்சோம், மாத்தணும்னு போய் நின்னுட்டோம்.

ரவி சொன்னதையும் யோசிச்சேன். பொண்ணு ஐடி வேலையில இருக்கா, சம்பளத்துலயே நாலு லட்சம் தாண்டிடும்.

ஜெயநகர் ஆடிட்டர், 10 செப்டம்பர் 2025

நீங்களே புடிச்சுட்டீங்க. பாட்டி பேத்திக்கு கொடுக்குறது நெருங்கிய சொந்தம், வாங்குறவளுக்கு வரி இல்ல. பேத்தி அதை வித்தா பாட்டியோட விலையும் காலமும் அவளுக்கு அப்படியே வரும். ஆனா அவளுக்கு காலி இடம் இல்லாததால 5,81,970-க்கும் முழுசா வரி விழும், 75,656. அம்மா கட்டுறதை விட 19,370 அதிகம். பொண்ணு படிச்சிட்டிருந்து வருமானம் இல்லாம இருந்தா, அதுவும் 18 வயசு தாண்டியிருந்தா, கதை தலைகீழ். அப்ப முதல்ல பேத்திக்கு கொடுத்து எழுதி வெச்சுட்டு, அவ பேர்ல மாத்துறதுதான் சரி.

எது பண்ணாலும் பழைய நகை வாங்கின வவுச்சர் யார் பேர்ல, யார் பான் நம்பர்ல வருதுன்னு பாருங்க. பல கடையில யார் கார்டு கொடுக்குறாங்களோ அவங்க பான்லயே ரெண்டையும் போட்டுடுவாங்க. புது பில் பொண்ணு பேர்ல இருக்கட்டும், பழைய தங்க வவுச்சர் அம்மா பேர்ல இருக்கணும். ரெண்டும் ஒரே பேர்ல வந்தா நாளைக்கு நோட்டீஸ் வர்றது உங்க பொண்ணுக்கு.

விவேக்நகர் அக்கா, 10 செப்டம்பர் 2025

இவ்வளவு கணக்கா! நான் போன வருஷம் அட்சய திருதியைக்கு, 2024 மே-ல, ஒரு செயின் எடுத்தேன், ரெண்டு பவுன். விலை ஏறிடுச்சேன்னு இப்ப விக்கலாம்னு இருந்தேன். அதுக்கும் 12.5-ஆ?

ஜெயநகர் ஆடிட்டர், 10 செப்டம்பர் 2025

இல்லம்மா, இப்ப வித்தா ஷார்ட் டேர்ம். உங்க மத்த வருமானத்தோட சேர்ந்து ஸ்லாப் படி போகும். வருமானம் கம்மியா இருந்தா ஷார்ட் டேர்ம் உங்களுக்கு நல்லதாகவே கூட முடியும், ஏன்னா ஸ்லாப் வரிக்கு அந்த 12 லட்ச ரிபேட் உண்டு. இது நிறைய பேர் கவனிக்காத இடம். 30 பர்சன்ட் ஸ்லாப்ல இருக்கறவங்களா இருந்தா 2026 மே மாசம் அந்த தேதி தாண்டுற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. உங்களுக்கு எந்த ஸ்லாப்?

விவேக்நகர் அக்கா, 11 செப்டம்பர் 2025

டீச்சர் வேலை, வருஷம் ஏழு லட்சம். அப்ப இப்பவே விக்கலாமா!

ஜெயநகர் ஆடிட்டர், 11 செப்டம்பர் 2025

லாபத்தையும் சேர்த்து 12 லட்சம் தாண்டாது, புது ரெஜிம்ல இருந்தா வரி வராது. ஆனா அந்த செயினை நகைச் சீட்டுல எடுத்தீங்களா? மாசா மாசம் கட்டின தேதி கணக்கு இல்ல, கடையில நகை கைக்கு வந்த பில் தேதிதான் கணக்கு.

அல்சூர்காரி, 12 செப்டம்பர் 2025

நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சதுல இன்னொரு வழி தெரிஞ்சது. காசுமாலையை கடைக்கு கொடுக்காம நகரத்பேட்டையில ஒரு ஆசாரிகிட்ட கொடுத்து, அதே தங்கத்தை உருக்கி நெக்லஸா செஞ்சு வாங்கினா? தங்கம் எங்களோடது, அவருக்கு கூலி மட்டும். யாருக்கும் விக்கல, யார்கிட்டயும் வாங்கல.

நேர்ல போய் பார்த்தேன். மாடிப்படி இடுக்குல ஒரு ரூம், தரையில நாலு பேர், ஒவ்வொருத்தர் முன்னாடியும் மரத்துண்டு, அதுக்கு கீழ தோல் விரிப்பு, பொடி ஒண்ணு கூட கீழ போகாம. உருக்கும்போது பக்கத்துலயே நின்னு பாருங்கம்மான்னு அவரே சொன்னார். 87 டச்சை 916 ஆக்கணும்னா சுத்த தங்கம் கொஞ்சம் சேர்க்கணும், அதுக்கு தனி காசு. ஹால்மார்க் வேணும்னா சென்டருக்கு அனுப்பி போட்டுத் தருவாராம்.

ஜெயநகர் ஆடிட்டர், 12 செப்டம்பர் 2025

நல்ல வழி. உங்க தங்கம் உங்களுக்கே திரும்பி வருது, கை மாறல, அதனால லாபம்ன்ற பேச்சே எழாது. ஆனா பேப்பர்ல அது அப்படித் தெரியணும். இத்தனை கிராம், இத்தனை டச் வேலைக்கு வாங்கினேன், இத்தனை கிராம் திருப்பிக் கொடுத்தேன், கூலி இவ்வளவுன்னு ரசீது வாங்குங்க. "பழைய தங்கம் வாங்கினது, புது நகை வித்தது"ன்னு ரெண்டு பில் போட்டுட்டா வேலை கெட்டுச்சு, அது எக்ஸ்சேஞ்ச் ஆகிடும். பெரிய கடையில ஆசாரி வேலைன்னு சொல்லிட்டு உண்மையில வேற தங்கத்துல செஞ்ச நகையை எடுத்துக் கொடுப்பாங்க, அதுவும் எக்ஸ்சேஞ்ச்தான்.

ராமமூர்த்தி நகர் ரவி, 12 செப்டம்பர் 2025

சார், நாளைக்கு அந்த நெக்லஸை வித்தா காலம் 1984-ல இருந்து ஓடுமா, செஞ்ச நாள்ல இருந்தா? விலை 2001 விலையும் கூலியுமா? சேர்த்த சுத்த தங்கத்துக்கு தனி தேதியா?

ஜெயநகர் ஆடிட்டர், 13 செப்டம்பர் 2025

தங்கத்துக்கு பழைய தேதியே ஓடும்னு நான் வாதாடுவேன், கூலியை மேம்பாட்டு செலவா சேர்ப்பேன். உருகினதும் வேற பொருள் ஆயிடுச்சுன்னு ஒரு அதிகாரி சொல்லவும் இடம் இருக்கு. புதுசா சேர்த்த தங்கத்துக்கு புது தேதிதான். அதனாலதான் சொல்றேன், வேல்யூயர் ரிப்போர்ட்டையும் ஆசாரி ரசீதையும் ஒண்ணா பின் பண்ணி வைங்க.

ஒயிட்ஃபீல்ட் தம்பி, 4 அக்டோபர் 2025

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு நகை இல்ல, அரசாங்கத்துக்காக ரிசர்வ் பேங்க் வெளியிட்ட கோல்ட் பாண்டு இருக்கு. 2018 மே மாசம் வந்த சீரிஸ். கொஞ்சம் அப்பவே பேங்க்ல போட்டது. அதே சீரிஸ்ல 50 கிராம் 2023-ல ஷேர் மார்க்கெட்ல 5,900 ரேட்ல வாங்கினேன். 2026 மே-ல மெச்சூர் ஆகுது. ரெண்டுக்கும் வரி இல்லதானே?

ஜெயநகர் ஆடிட்டர், 4 அக்டோபர் 2025

ரிசர்வ் பேங்க்கிட்ட திருப்பிக் கொடுத்தா தனி மனுஷருக்கு லாபத்துக்கு வரி இல்ல. மார்க்கெட்ல வாங்கினதா, பேங்க்ல வாங்கினதான்னு இன்னைக்கு சட்டம் பிரிச்சுப் பார்க்கல. நீங்க மார்க்கெட்லயே வித்தா மட்டும் வரி உண்டு. லிஸ்ட் ஆன பாண்டுக்கு 12 மாசம் தாண்டினாலே லாங் டேர்ம், அதே 12.5. நகைக்கு 24 மாசம், இதுக்கு 12, ஞாபகம் வைங்க. ரெண்டரை பர்சன்ட் வட்டி தனி, அது ஸ்லாப் படி. அந்த வட்டி முதல்ல வெளியிட்ட விலைக்குத்தான், நீங்க வாங்கின 5,900-க்கு இல்ல.

அல்சூர்காரி, 19 அக்டோபர் 2025

நடந்ததை எழுதி வைக்கிறேன், என்னை மாதிரி தேடி வர்றவங்களுக்கு உதவும்.

வளையலை மட்டும் மாத்தினோம். போன மாசமே முடிச்சுட்டோம், கிராம் 10,000 பக்கம் இருந்தப்பவே. வவுச்சர்ல கடைக்காரர் முதல்ல என் பேரைத்தான் போட்டார், மாத்துங்கன்னு நின்னேன், கம்ப்யூட்டர்ல மாத்த முடியாதுன்னார், மேனேஜர் வந்த பிறகு அம்மா பேர்ல, அம்மா பான்ல வந்தது. புது செட் பில் பொண்ணு பேர்ல. 3,18,000 அதுல கழிஞ்சது, புது நகையோட முழு விலைக்கும் 3 பர்சன்ட் ஜிஎஸ்டி போட்டாங்க, கழிச்சது போக மிச்சத்துக்கு மட்டும் இல்ல. இது நான் எதிர்பார்க்கல. மாத்துறதுல வரி ரெண்டு பக்கமும் இருக்குன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் கடைக்குப் போகணும்.

வளையல் மட்டும்ன்றதால அம்மாவுக்கு லாபம் 2,16,600, காலி இடம் 1,49,000 போக 67,600. வரி 8,450, செஸ்ஸோட 8,788. ஐம்பத்தாறாயிரம் எங்க, இது எங்க. சீனியர் சிட்டிசன், பிசினஸ் வருமானம் இல்லாததால அட்வான்ஸ் டேக்ஸும் கட்ட வேணாம், ஜூலையில ரிட்டர்னோட கட்டினா போதும்னு ஆடிட்டர் சார் தனியா சொன்னார். ஐடிஆர் 2 போடணும்.

காசுமாலையை என்ன பண்றதுன்னு வீட்ல பெரிய பேச்சு. ஆசாரிகிட்ட கொடுக்குறதா முடிவாகி, வேல்யூயர்கிட்ட ரிப்போர்ட்டும் வாங்கியாச்சு. மல்லேஸ்வரத்துல ஒருத்தர், பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொரு காசா பார்த்து, முன் பக்கம் பின் பக்கம் போட்டோ எடுத்து, 2001 விலை போட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த போட்டோவைப் பார்த்த பிறகு பொண்ணு உருக்க வேணாம்னுட்டா. முகூர்த்தத்துக்கு இதையே போட்டுக்குறேன்னா. அம்மா அன்னைக்கு சாயங்காலமே ஒரு வெள்ளைத்தாள்ல, என் கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட 5 பவுன் காசுமாலையை என் பேத்திக்கு கொடுக்குறேன்னு எழுதி கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு பக்கத்து வீட்டு அண்ணாவையும் போட வெச்சுட்டாங்க.

ராமமூர்த்தி நகர் ரவி, 19 அக்டோபர் 2025

அருமைக்கா. ஆனா ஏப்ரல்ல அடுத்த வருஷக் கணக்குல காசுமாலையையும் மாத்தியிருந்தா அம்மாவோட 1,49,000 இடம் ரெண்டாவது தடவையும் கிடைச்சிருக்கும். 19,000 மிச்சம்.

அல்சூர்காரி, 20 அக்டோபர் 2025

தெரியும் ரவி. யாருக்கு அவசரம் இல்லையோ அவங்க அப்படித்தான் பண்ணணும், மார்ச்ல ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு. வருஷம் மாறுறதுக்கு நடுவுல விலை எப்படிப் போகும்ன்றதுதான் பயம். எங்களுக்கு தை மாசம் கல்யாணம்.

ஒயிட்ஃபீல்ட் தம்பி, 2 பிப்ரவரி 2026

ஆடிட்டர் சார், பட்ஜெட் பார்த்தீங்களா? மார்க்கெட்ல வாங்கின கோல்ட் பாண்டுக்கு விலக்கு இல்லைன்னு சொல்றாங்களே.

ஜெயநகர் ஆடிட்டர், 2 பிப்ரவரி 2026

பார்த்தேன். 2026 ஏப்ரல் 1-ல இருந்து, முதல் வெளியீட்டுலயே வாங்கி, மெச்சூரிட்டி வரைக்கும் விடாம வெச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான் விலக்கு. எல்லா சீரிஸுக்கும் இதேதான். உங்க பேங்க் பாண்டு தப்பிச்சுது. மார்க்கெட்ல வாங்கின 50 கிராமுக்கு 12.5 வரும். ஐந்து வருஷம் ஆனதும் பாதியில ரிசர்வ் பேங்க்கிட்ட கொடுக்குறவங்களுக்கும், முன்மொழிவைப் படிச்சா, விலக்கு இல்லைன்னுதான் தெரியுது.

ஒயிட்ஃபீல்ட் தம்பி, 2 பிப்ரவரி 2026

மார்ச்சுக்குள்ள ரிசர்வ் பேங்க்கிட்ட கொடுத்துடலாமா?

ஜெயநகர் ஆடிட்டர், 3 பிப்ரவரி 2026

முடியாது தம்பி. முன்கூட்டியே கொடுக்க வட்டி போடுற தேதியிலதான் கதவு திறக்கும். மே சீரிஸுக்கு மே, நவம்பர். நவம்பர் போயிடுச்சு, அடுத்தது மெச்சூரிட்டியேதான். மார்க்கெட்ல இப்ப வித்தாலும் 12.5, மே-ல ரிசர்வ் பேங்க் கொடுத்தாலும் 12.5. மார்க்கெட்ல வித்தா யாராவது உங்ககிட்ட தள்ளுபடி கேட்பாங்க, ரிசர்வ் பேங்க் கடைசி மூணு வேலை நாளோட சராசரி விலையை முழுசா கொடுக்கும். நான் உங்க இடத்துல இருந்தா மே வரைக்கும் வெச்சிருப்பேன். ரெண்டு லாட்டும் ஒரே டீமேட்ல இருந்தா, எது பேங்க்ல வாங்கினது, எது மார்க்கெட்ல வாங்கினதுன்னு கான்ட்ராக்ட் நோட்டோட பிரிச்சு வைங்க.

ராமமூர்த்தி நகர் ரவி, 3 பிப்ரவரி 2026

அப்பா இறந்து மகனுக்கு வந்த பாண்டு? முதல்ல வாங்கினது அப்பா, மெச்சூரிட்டி வரைக்கும் வெச்சிருந்தது மகன். அவன் முதல் வெளியீட்டுல வாங்கினவனா?

ஜெயநகர் ஆடிட்டர், 3 பிப்ரவரி 2026

நல்ல கேள்வி. நகையா இருந்தா அப்பாவோட விலை, காலம் ரெண்டும் மகனுக்கு வரும்னு தெளிவா இருக்கு. இந்த விலக்குக்கும் அப்படி வருமான்னு வாசகத்தை வெச்சு ரெண்டு பக்கமும் பேசலாம். எங்க ஆபீஸ்லயே ஒத்த கருத்து இல்ல.

அல்சூர்காரி, 15 பிப்ரவரி 2026

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. வளையல் வவுச்சர், 2012 பில், காசுமாலை ரிப்போர்ட், அம்மா எழுதின தாள் எல்லாத்தையும் ரெண்டு காப்பி போட்டு ஒண்ணு பொண்ணுகிட்ட கொடுத்துட்டேன். நாளைக்கு அவ காசுமாலையை விக்க நினைச்சா, வாங்கின விலை 14,630, தேதி 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடின்னு அதுலயே இருக்கு. புது செட்டுக்கு மட்டும் தனி கணக்கு, அதோட விலை புது பில், 24 மாசம் அந்த பில் தேதியில இருந்து.

ரவி கேட்ட கேள்விக்கு யாருக்காவது நோட்டீஸோ உத்தரவோ வந்தா இங்கயே எழுதுங்க. எங்க பெரியம்மா பையனுக்கும் அப்படி ஒரு பாண்டு வந்திருக்கு, 2028-ல மெச்சூரிட்டி.